முதிர்வு தேதியைப் பிரித்துப் போடுங்கள், ரசீதைக் கணக்குப் பார்த்துப் புதுப்பியுங்கள்

ஓய்வூதியத்தோடு கிடைத்த மொத்தத் தொகையை அப்படியே ஒரே டெபாசிட்டாகப் போட்டுவிட்டு வருகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். ஒரே ரசீது, ஒரே தேதி, நினைவில் வைப்பது சுலபம் என்பார்கள். அந்தச் சுலபத்துக்கு இரண்டு இடங்களில் விலை கொடுக்க வேண்டியிருக்கும். நடுவில் பணம் தேவைப்பட்டால் முழு ரசீதையும் உடைக்க வேண்டும். முதிரும் நாளில் வட்டி விகிதம் இறங்கியிருந்தால், முழுத் தொகையும் அந்த இறங்கிய விகிதத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை, வயது 64. மாதச் செலவுக்கு ஓய்வூதியம் போதும். கையில் ரூ.15 லட்சம். 2023 ஜூலையில் டெபாசிட் போடுகிறார். கீழே வரும் வட்டி விகிதங்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் வங்கியின் விகிதத்தை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

எத்தனை ரசீது, எந்த மாதம்?

அம்மையார் 15 லட்சத்தை மூன்று மூன்று லட்சமாக ஐந்து ரசீதுகளாக்குகிறார். முதலாவது 2024 ஜூலையில் முதிர்கிறது. அடுத்தவை 2025 ஜனவரி, 2025 ஜூலை, 2026 ஜனவரி, 2026 ஜூலை. அதாவது ஓராண்டு, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று ஆண்டு. முதல் ஆண்டு கழிந்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு ரசீது கைக்கு வரும்.

முதிர்ந்ததை எத்தனை காலத்துக்குப் புதுப்பிப்பது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். ரசீதுகளின் எண்ணிக்கையை இடைவெளியால் பெருக்குங்கள்: ஐந்து ரசீது, ஆறு மாத இடைவெளி, ஆக முப்பது மாதம். 2024 ஜூலையில் முதிர்ந்ததை இரண்டரை ஆண்டுக்குப் புதுப்பித்தால் அது 2027 ஜனவரிக்குப் போகும். வரிசையின் கடைசி ரசீதான 2026 ஜூலைக்கு அடுத்த இடம் அதுதான். இப்படியே ஒவ்வொன்றும் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்கும், இடைவெளி குலையாது.

ஐந்து ஆண்டு வரை நீட்டி, ஆண்டுக்கு ஒன்றாக முதிரவைக்கச் சொல்லும் புத்தகங்களும் உண்டு. நீண்ட காலத்துக்குக் கூடுதல் வட்டி கிடைக்கும் நாடுகளுக்கு அது பொருந்தும். நம் வங்கிகளின் பட்டியலைப் பாருங்கள்: பெரும்பாலும் ஓராண்டுக்கும் மூன்றாண்டுக்கும் நடுவில்தான், அதிலும் 400 நாள், 444 நாள் போன்ற சிறப்புத் திட்டங்களில்தான், விகிதம் உச்சத்தில் இருக்கும். ஐந்தாண்டுக்கு அதைவிடக் குறைவாகவே தருகிற வங்கிகள் நிறைய. குறைந்த வட்டிக்கு அதிக காலம் பூட்டிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மூன்றாண்டுக்குள் நிறுத்திக்கொள்வது போதும்.

மாதத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கல்லூரிக் கட்டணம் ஜூனில் வந்தால் மே மாதத்தில் ஒரு ரசீது முதிரட்டும். மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் கட்டும் மாதத்துக்கு முந்தைய மாதமும் அப்படியே. அம்மையாருக்கு அப்படிப்பட்ட தேதிகள் எதுவும் இல்லை. அதனால் ஆறு மாதக் கணக்கே போதும்.

இனி உடைப்பதைப் பற்றி. ஒன்றரை ஆண்டு கழித்து அவசரமாக இரண்டரை லட்சம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். டெபாசிட் போட்டபோது பேசிய வட்டி 7 சதவீதம். முன்கூட்டி உடைத்தால் வங்கி அந்த 7 சதவீதத்தைத் தராது. பணம் உண்மையில் எத்தனை காலம் இருந்ததோ அந்தக் காலத்துக்கு, போட்ட நாளில் என்ன விகிதம் இருந்தது என்று பார்க்கும். ஒன்றரை ஆண்டுக்கு அன்று 6.75 என்றால், அதிலிருந்து அபராதமாக ஒரு சதவீதம் கழித்து 5.75 தரும். அபராதம் வங்கிக்கு வங்கி மாறும். அரை சதவீதம் எடுப்பவர்களும் உண்டு. முழு 15 லட்சமும் ஒரே ரசீதில் இருந்து உடைத்தால், இந்தக் கணக்கில் இழப்பு சுமார் ரூ.30,400. மூன்று லட்ச ரசீது ஒன்றை மட்டும் உடைத்தால் ரூ.6,100 தான். இரண்டு மூன்று மாதத்தில் அடுத்த ரசீது முதிர இருந்தால், உடைக்காமல் டெபாசிட் மேல் கடன் வாங்குவது இன்னும் மலிவு. டெபாசிட் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூட வைப்பார்கள், அதுவும் கடன் நிற்கிற நாட்களுக்கு மட்டும்.

தேதி பிரிப்பதன் இன்னொரு பலனைக் கடந்த சில ஆண்டுகளே காட்டுகின்றன. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரி முதல் இரண்டாண்டு 6.50 சதவீதத்தில் அசையாமல் நின்றது. 2025 பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் 5.50, டிசம்பரில் 5.25 என்று இறங்கியது. டெபாசிட் வட்டியும் பின்னாலேயே இறங்கியது. 15 லட்சத்தையும் 2023 ஜூலையில் இரண்டாண்டுக்குப் போட்டவர், 2025 ஜூலையில் முழுத் தொகைக்கும் குறைந்த வட்டியை ஏற்க வேண்டியிருந்தது. அம்மையாரின் 2024 ஜூலை ரசீதும் 2025 ஜனவரி ரசீதும் இறக்கத்துக்கு முன்பே பழைய விகிதத்தில் புதுப்பிக்கப்பட்டுவிட்டன. 2026-இல் முதிர இருந்த இரண்டுக்கும் பழைய விகிதம் ஓடிக்கொண்டிருந்தது. 2025 ஜூலையில் குறைந்த வட்டிக்குப் போனது ஒரே ஒரு ரசீது.

இதை வைத்து இந்த முறை எப்போதும் அதிக வட்டி தரும் என்று எண்ணிவிட வேண்டாம். 2023-இல் முழுவதையும் ஐந்தாண்டுக்குப் போட்டவர் இவரைவிட லாபம் பார்த்திருக்கக்கூடும். ஏறுமுகமாக விகிதம் போகும் காலத்தில், பழைய ரசீதுகள் குறைந்த வட்டியிலேயே இருப்பதும் நடக்கும். விகிதம் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாதவருக்குச் சராசரியை வாங்கித் தருவதுதான் இதன் வேலை.

எந்த வங்கி என்ற கேள்விக்கு இங்கே ஒரு வரி போதும். ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் உள்ள எல்லாக் கிளைகளின் பணத்துக்கும் சேர்த்து, அசலும் வட்டியுமாக ரூ.5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு. சிறிய வங்கியோ கூட்டுறவு வங்கியோ என்றால் ஒரு மூன்று லட்ச ரசீதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரசீதைக் கையில் எடுத்து

புதுப்பிக்கப் போவதற்கு ஒரு வாரம் முன்பு பழைய ரசீதை மேசை மேல் விரித்துவையுங்கள். அம்மையாரின் மூன்றாவது ரசீதில் இருக்க வேண்டியவை இவை: அசல் ரூ.3,00,000, போட்ட தேதி 12-07-2023, காலம் 24 மாதம், மூத்த குடிமக்களுக்கான அரை சதவீதத்தையும் சேர்த்து வட்டி 7.50, முதிர்வு தேதி 12-07-2025, முதிர்வுத் தொகை. கடைசியில் வரும் அந்தத் தொகையைத்தான் நாமே போட்டுப் பார்க்கப் போகிறோம்.

நம் வங்கிகள் காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்க்கின்றன. 7.50-ஐ நான்கால் வகுத்தால் 1.875 சதவீதம். முதல் காலாண்டு வட்டி ரூ.5,625. அடுத்த காலாண்டுக்கு அசல் ரூ.3,05,625 ஆகிவிடுகிறது, அதற்கு வட்டி ரூ.5,730. இப்படி எட்டு காலாண்டு. கையால் போட்டாலும் பத்து நிமிட வேலைதான். எக்செல் தெரிந்த பேரன் பேத்தி இருந்தால் ஒரு வரி:

```
=300000*(1+7.5%/4)^(4*2)
```

விடை ரூ.3,48,067. வட்டி மட்டும் 48,067; முதல் ஆண்டில் 23,141, இரண்டாம் ஆண்டில் 24,926. ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் முன்னே பின்னே வந்தால் அது முழு ரூபாயாக்குவதில் வருவது, விட்டுவிடலாம்.

444 நாள் போன்ற காலத்துக்கு, முழுக் காலாண்டுகளுக்குக் கூட்டு வட்டியும் மிச்ச நாட்களுக்குத் தனி வட்டியும் போடுங்கள். அதே மூன்று லட்சம், அதே 7.50 என்றால், நான்கு காலாண்டு முடிவில் ரூ.3,23,141. மீதி 79 நாள். அந்தத் தொகைக்கு 79 நாள் வட்டி ரூ.5,245 சேர்ந்து ரூ.3,28,386 வரும். நாள் கணக்கு எடுக்கும் விதத்தில் வங்கிகளுக்குள் சிறு வேறுபாடு இருப்பதால், சில ரூபாய் தள்ளி வந்தால் கவலை இல்லை.

வட்டியை மாதாமாதம் சேமிப்புக் கணக்கில் வாங்குபவர்கள், 7.50-ஐப் பன்னிரண்டால் வகுத்து ரூ.1,875 வர வேண்டுமே என்று கவுண்டரில் சண்டை போடுவதுண்டு. வட்டி காலாண்டு முடிவில்தான் உங்களுக்குச் சேர வேண்டியது. முன்கூட்டி மாதமே தருவதால் சற்றுக் கழித்துத் தருவார்கள். சுமார் ரூ.1,863 வந்தால் அது சரியான கணக்கே.

தொகை குறைந்திருந்தால்

அம்மையாரின் ரசீதில் முதிர்வுத் தொகை 3,48,067 என்று இல்லாமல் 3,44,665 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறைவு ரூ.3,402. இந்த எண்ணை வைத்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். மேலே சொன்ன வரியில் 7.5 இருக்கும் இடத்தில் 7 போட்டுப் பாருங்கள். ஒரு ரூபாய் பிசகாமல் 3,44,665 வருகிறது. ஆக, மூத்த குடிமக்களுக்கான அரை சதவீதம் சேரவில்லை.

அது சேராமல் போக வழக்கமான காரணங்கள் இரண்டு. ஒன்று, வங்கியின் பதிவில் பிறந்த தேதி இல்லை அல்லது தவறாக இருக்கிறது. மற்றொன்று, கூட்டுக் கணக்கில் மகன் பெயரோ மகள் பெயரோ முதலில் இருக்கிறது. கூடுதல் வட்டிக்கு முதல் பெயருக்குரியவரின் வயதைத்தான் பார்ப்பார்கள். பெயர் வரிசை காரணம் என்றால் பழையதைக் கேட்டுப் பயனில்லை. புதிய ரசீதில் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். டெபாசிட் ஓடிக்கொண்டிருக்கும்போது 60 வயது நிறைந்தவர்களுக்கும் அந்த ரசீதில் கூடுதல் வராது, புதுப்பிக்கும்போதுதான் வரும். பிறந்த தேதிப் பிழை என்றால் விடவேண்டாம்.

கவுண்டரில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

“அம்மா, இது சிஸ்டம் போட்ட வட்டி. நாங்க கையால மாத்த முடியாது.”

“சரி தம்பி. சிஸ்டத்துல என் பிறந்த தேதி என்னன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.”

இந்த ஒரு கேள்வி போதும். தேதி தவறாக இருப்பது திரையிலேயே தெரிந்துவிடும். பிறகு வயதுச் சான்றின் நகல், ரசீதின் நகல், உங்கள் கணக்கைக் காட்டும் தாள் மூன்றையும் வைத்து மேலாளருக்கு எழுத்தில் கொடுத்து, மறு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் போகலாம், கட்டணம் கிடையாது. அங்கே போக அந்த முத்திரையிட்ட பிரதி வேண்டும்.

ரசீதில் 3,48,067 என்று சரியாகவே அச்சாகியிருந்து, கையில் வந்த பணம் மட்டும் ரூ.4,800-இலிருந்து 5,100 வரை குறைந்தால், அது வேறு கதை. வட்டியில் பத்து சதவீதம் வரிப் பிடித்தமாகப் போயிருக்கிறது. வட்டி கைக்கு வராமல் அசலில் சேர்ந்துகொண்டே இருந்தாலும், வங்கி ஆண்டுதோறும் சேர்ந்த வட்டிக்கு வரி பிடிக்கும். பிடித்த தொகைக்கு அப்புறம் கூட்டு வட்டியும் ஓடாது. அதனால்தான் குறைவு 4,807 என்று துல்லியமாக நிற்காமல் கொஞ்சம் கூடுகிறது.

மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் ஓராண்டு வட்டி ரூ.50,000-ஐத் தாண்டினால் வரி பிடிப்பார்கள் என்று இருந்தது. 2025 ஏப்ரல் முதல் அந்த வரம்பு ஒரு லட்சம். ஒரு ரசீதின் வட்டி 24,000 தானே என்று பார்க்கக் கூடாது. அதே வங்கியின் எல்லாக் கிளை ரசீதுகளையும் கூட்டிப் பார்ப்பார்கள். அம்மையார் மூன்று ரசீதை ஒரே வங்கியில் வைத்திருந்தால் பழைய வரம்பு தாண்டியிருக்கும். மொத்த வருமானத்துக்கு வரியே வராது என்பவர்கள் ஏப்ரலிலேயே அதற்கான உறுதிமொழிப் படிவத்தை, இந்த உதாரணத்தின் ஆண்டுகளில் 15எச், ஒவ்வொரு வங்கியிலும் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கத் தவறியிருந்தாலும் பணம் தொலைந்துவிடவில்லை. வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் அறிக்கையில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். பான் எண் பதிவாகாத கணக்கில் பத்துக்குப் பதில் இருபது சதவீதம் போகும். குறைவு பத்தாயிரத்தைத் தொட்டால் முதலில் பானைப் பாருங்கள்.

புதுப்பிக்கும் நாள்

தானாகப் புதுப்பிக்கும் வசதியை வங்கி கேளாமலேயே போட்டுவைத்திருக்கும். பணம் சும்மா கிடக்காது என்பது அதன் நன்மை. ஆனால் அது பழைய காலத்தையே திரும்பப் போடும். அம்மையாரின் இரண்டாண்டு ரசீது தானாகப் புதுப்பிக்கப்பட்டால் 2027 ஜூலைக்குப் போகும். 2025 ஜனவரியில் புதுப்பித்த ரசீதும் 2027 ஜூலையில்தான் முதிர்கிறது. ஒரே மாதத்தில் இரண்டு, அடுத்த ஜனவரியில் ஒன்றும் இல்லை. இரண்டு முறை இப்படி நடந்தால் பிரித்துப் போட்ட தேதிகள் எல்லாம் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

சிறப்புத் திட்டங்களில் இதைவிட மோசம். 444 நாள் திட்டம் முடிந்துபோயிருந்தால், அதே 444 நாளுக்குச் சாதாரணப் பட்டியலில் உள்ள குறைந்த வட்டியில் புதுப்பித்துவிடும். ஆகவே ரசீது போடும்போதே ‘முதிர்ந்ததும் சேமிப்புக் கணக்கில் வரவு வை’ என்று எழுதிக்கொடுப்பது என் பரிந்துரை. இணைய வங்கியிலும் முதிர்வு அறிவுறுத்தல் என்ற இடத்தில் மாற்றலாம். மறதிக்காரர்களுக்கு மட்டும் தானியங்கிப் புதுப்பிப்பு இருந்துவிட்டுப் போகட்டும். ஏனென்றால் எந்த அறிவுறுத்தலும் இல்லாமல் முதிர்ந்து கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட்டுக்கு, சேமிப்புக் கணக்கு வட்டி அல்லது பழைய ஒப்பந்த வட்டி, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும்.

12-07-2025 இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. பணம் வாங்குபவருக்குத் திங்கட்கிழமைதான் கிடைக்கும். இடையில் உள்ள இரண்டு நாளுக்கும் முதிர்வுத் தொகை மீது பழைய 7.50 விகிதத்திலேயே வட்டி சேர வேண்டும். இந்த ரசீதுக்கு அது ரூ.143. கேட்காதவர்களுக்கும் பெரும்பாலும் வந்துவிடும். வந்ததா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

கால அளவில் ஒரு நாளுக்கும் மதிப்புண்டு. வட்டிப் பட்டியல் ‘ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குள்’, ‘இரண்டாண்டு முதல் மூன்றாண்டுக்குள்’ என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு நாள் முன்னே பின்னே போனால் அடுத்த கட்டத்தில் விழுந்து கால் சதவீதம் கூடலாம், குறையலாம். வங்கியின் தளத்தில் அன்றைய பட்டியலைப் பார்த்து, உங்கள் மாதத்தைக் கெடுக்காத, அதிக வட்டியுள்ள கட்டம் எது என்று குறித்துக்கொண்டு போங்கள்.

அம்மையார் 3,48,067 முழுவதையும் இரண்டரை ஆண்டுக்குப் புதுப்பிக்கிறார். அன்றைய விகிதம், மூத்தோருக்கான கூடுதலோடு, 6.75 என்று கொள்வோம். புதிய ரசீதில் முதிர்வுத் தொகை ரூ.4,11,470, தேதி 2028 ஜனவரி என்று இருக்க வேண்டும். கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் அவர் பார்க்க வேண்டியவை நான்கு: புதிய அசலில் பழைய வட்டி சேர்ந்திருக்கிறதா, விகிதத்தில் அரை சதவீதக் கூடுதல் இருக்கிறதா, காலம் 24 அல்ல 30 மாதமா, நியமனதாரர் பெயர் புதிய ரசீதுக்கும் வந்திருக்கிறதா. 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம். பங்கு சதவீதத்தையும் எழுதலாம்.

கணவன் மனைவி இருவர் பெயரில் ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்று டெபாசிட் போடுபவர்கள் புதுப்பிக்கும் படிவத்தில் இன்னொன்றையும் கேட்டு எழுதுங்கள். அந்த வாசகம் முதிர்ந்த பிறகு பணம் வாங்கத்தான் உதவும். ஒருவர் இறந்த பிறகு, முதிர்வதற்கு முன்பே மற்றவர் ரசீதை உடைக்க வேண்டுமென்றால், அதற்கு இருவரும் சேர்ந்து கையெழுத்திட்ட தனி ஒப்புதல் வங்கியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறந்தவரின் வாரிசுகள் எல்லோரிடமும் சம்மதக் கையெழுத்து கேட்பார்கள். புதுப்பிக்கும்போது இருவரும் வங்கிக்குப் போயிருந்தால் அதே கவுண்டரில் ஐந்து நிமிடத்தில் அந்த ஒப்புதலைக் கொடுத்துவிடலாம். ரசீதின் பின்புறத்திலோ கணினிப் பதிவிலோ அது ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.